நூறு சென்டிமீட்டருக்கு 5800

செய்முறைத் தேர்வு நடத்தும் விதிகளில் பதினான்காவது இது: "மாணவர் பெற்ற அளவீட்டில் ஐயம் எழுந்தால், அகத் தேர்வாளரும் புறத் தேர்வாளரும் சேர்ந்து, அந்த மாணவரின் முன்னிலையிலேயே அளவீட்டை மறுபடி எடுத்து, விடைத்தாளில் இருவரும் கையொப்பமிட வேண்டும்."

இந்த விதியை நான் மனப்பாடமாகச் சொல்வேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் துறைத் தலைவராக இருந்த காலத்தில் தேர்வுக்கு முந்தைய நாள் ஆசிரியர்களைக் கூட்டி இதை வாசித்துக் காட்டுவதும் நான்தான். வாசித்து முடித்ததும் டீ வரும். டீ குடித்துவிட்டுக் கலைவோம். என் பணிக்காலம் முழுவதிலும் இந்த விதியை யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. பயன்படுத்தும் தேவை வந்தது ஒரே ஒரு முறை. அப்போது அகத் தேர்வாளர் நான்.

ஓய்வுபெற ஐந்து வாரம் இருந்தது. ஏப்ரல் மாதம். புதுக்கோட்டையில் ஏப்ரல் எப்படியிருக்கும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஆய்வகத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நான்கு மின்விசிறிகளும் கொதிக்கிற காற்றை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றிக்கொண்டிருந்தன.

அன்று காலைப் பிரிவில் பன்னிரண்டு பேர். சீட்டு எடுத்ததில் ஏழு பேருக்கு ஒரே சோதனை வந்தது: மீயொலி சென்சாரின் எக்கோ துடிப்பை டைமரால் அளந்து தூரத்தைக் கணக்கிடுதல். சோதனை கடினமானதல்ல. இரண்டு வட்டக் கண்கள் வைத்த சின்ன சென்சார். அதன் ஒரு காலில் பத்து மைக்ரோ வினாடிக்கு ஒரு துடிப்புக் கொடுத்தால், நம் காதுக்கு எட்டாத ஒலியை எதிரே அனுப்பும். உடனே எக்கோ என்ற இன்னொரு காலில் மின்னழுத்தம் உயரும். ஒலி எதிரிலுள்ள பலகையில் பட்டுத் திரும்பி வந்ததும் அது தாழும். உயர்ந்தே இருந்த நேரம்தான் ஒலி போய்வந்த நேரம்.

அந்த நேரத்தைப் பிடிப்பதில்தான் படிப்பு இருக்கிறது. மைக்ரோகன்ட்ரோலர் என்ற சில்லுக்குள் ஒரு டைமர், மைக்ரோ வினாடிக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டே போகும். எக்கோ உயர்ந்த கணத்தில் டைமரில் என்ன எண் இருந்ததோ அதைச் சில்லே தனியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். தாழ்ந்த கணத்தில் இன்னொரு எண்ணைப் பிடிக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் துடிப்பின் அகலம் மைக்ரோ வினாடியில் கிடைத்துவிடும். இன்புட் கேப்சர் என்பது இவ்வளவுதான். நிரல் அந்த நேரத்தில் வேறு வேலையில் இருந்தாலும் பிடிபட்ட எண் பிசகாது.

இந்தச் சோதனைக்கான கையேட்டை எழுதியவனும் நான்தான். சென்டிமீட்டருக்கு 58 மைக்ரோ வினாடி என்ற வழக்கமான கணக்கை வைத்துக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பெருக்கி, ஒரு மாதிரி அட்டவணை போட்டேன். பத்து சென்டிமீட்டருக்கு 580. ஐம்பதுக்கு 2900. நூறுக்கு 5800. எந்த சென்சாரையும் நான் தொடவில்லை. அந்த 58 சற்றுக் குளிர்ந்த அறைக்குச் சரியான எண். காற்று சூடானால் ஒலி வேகமாக ஓடும், எக்கோ சீக்கிரம் திரும்பும், துடிப்பு குறுகும். இதைக் கையேட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம். பக்கம் நிரம்பிவிட்டது.

எங்கள் கல்லூரிகளின் வழக்கம் தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்தது புரியும். மாணவர்கள் ரெக்கார்டு நோட்டை எழுதுவது சோதனை செய்து அல்ல. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து. சீனியர் அவனுடைய சீனியரைப் பார்த்து எழுதியிருப்பான். முதல் சீனியர் என் கையேட்டைப் பார்த்து எழுதினான். இப்படியாக நான் பெருக்கிப் போட்ட எண்கள் ஆறேழு ஆண்டுகளில் 'அளவீடு' ஆகிவிட்டன. நூறு சென்டிமீட்டரில் பலகையை வைத்தால் 5800 வரும். வெயிலோ மழையோ, 5800தான் வரும். வராவிட்டால் சென்சார் பழுது.

ஏழு பேரில் ஆறு பேர் 5800 என்று எழுதியிருந்தார்கள். அதில் ஒருவனுடைய எக்கோ கம்பி போர்டில் செருகப்படவே இல்லை, மேசையில் கிடந்தது. ஏழாவது ஆள் கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பெண். அவள் 5634 என்று எழுதியிருந்தாள்.

அவளுக்கு அந்தத் தேர்வு மற்றவர்களுக்குப் போல அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலை அவளை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தது. ஜூலை முதல் தேதிக்குள் எந்தத் தாளிலும் அரியர் இல்லாமல் சான்றிதழோடு வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்பது நிபந்தனை. அம்மாவும் அக்காவும் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள். கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களோடு அந்த அம்மா ஒருமுறை கட்டணம் கட்ட அலுவலகத்துக்கு வந்தபோது, எழுத்தர் பேனாவைக் கொடுக்கத் தயங்கி, கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினார். மகள் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "எங்கம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியும்" என்றாள். அப்போதிருந்தே அலுவலகத்தில் அவளுக்குத் 'திமிர் புடிச்சது' என்று பெயர்.

புறத் தேர்வாளர் பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்தவர். கெட்டிக்காரர். கெட்டிக்காரர் என்பதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. அவளுடைய விடைத்தாளை எடுத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"ஏம்மா, எக்கோ ஏறுனப்ப 61203. எறங்குனப்ப 1301. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சா? ஒன் சென்சாரு நேத்தைக்குப் போயிட்டு வந்துருச்சா?"

வகுப்பு சிரித்தது. தேர்வாளர் நகைச்சுவை சொன்னால் சிரிப்பதற்கும் மதிப்பெண் உண்டு என்பது மாணவர்களுக்குத் தெரியும்.

"சார், டைமரு பதினாறு பிட்டு. 65535 வரைக்கும் எண்ணிட்டு மறுபடி சைபர்லேருந்து ஆரம்பிக்கும். நடுவுல அது சுத்திருச்சு சார். கழிச்சா மைனஸ்ல வரும், 65536 கூட்டணும். 5634 வரும்."

சரியான பதில். இரவு பதினொன்று ஐம்பதுக்குக் கிளம்பிய பஸ் பன்னிரண்டு பத்துக்கு வந்து சேர்ந்தால், பஸ் பின்னோக்கி ஓடியதாக யாரும் சொல்வதில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனால் ஒரு மாணவி தனக்குச் சொல்லித் தெரிந்ததாக இருக்கக் கூடாது.

"எனக்கே கிளாஸ் எடுக்குறியா? சரி, 5634ன்னே வெச்சுக்க. பலகை எங்க இருக்கு?"

"நூறு சென்டிமீட்டர்ல சார்."

"நூறுக்கு எவ்வளவு வரணும்?" என் கையேட்டைத் திறந்து அட்டவணையில் விரலை வைத்தார். "ஒங்க சாரு எழுதுனதுதான். வாசி."

"5800."

"ஒனக்கு 5634. அம்பத்தெட்டால வகுத்தா தொண்ணூத்தேழு. ஆனா நீ கீழ நூறுன்னு விடை போட்டுருக்க. எப்புடி?"

"ரூம்ல முப்பத்தொம்பது டிகிரி சார். அந்தச் சூட்டுல ஒலி செகண்டுக்கு 355 மீட்டரு போகும். 5634ஐ அதால பெருக்கி ரெண்டால வகுத்தேன், நூறு சென்டிமீட்டரு வந்துச்சு. ரெண்டு வாரமா பாத்தேன் சார். காலைல எடுத்தா அகலம் கூடுது, மத்தியானம் எடுத்தா கொறையுது."

"அதாவது, விடை நூறுன்னு முன்னாடியே தெரியும். அதுக்குத் தக்கன ஒலியோட வேகத்தை வளைச்சுட்ட."

"இல்ல சார். டிகிரிய முதல்ல எழுதியிருக்கேன் பாருங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க சார்."

அந்த நேரத்தில் ஆய்வக உதவியாளர் அம்மா மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இருபது வருடமாக அந்த ஆய்வகத்தைப் பெருக்கியதும் பழுது பார்த்ததும் அவர்தான். "சார், தெர்மாமீட்டர் பீரோவுலதான் கெடக்கு. எடுத்தாரவா? ஒரு நிமிசத்துல தெரிஞ்சுரும்."

புறத் தேர்வாளர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன்.

"தாராளமா எடுத்தாங்க. பதினாலாவது விதி இருக்குல்ல, சாருக்குத் தெரியாததா. ஆனா சார், ஒருத்திக்கு எடுத்தா ஏழு பேருக்கும் எடுக்கணும். மத்த ஆறு பேருக்கும் 5800. அச்சு அடிச்ச மாதிரி 5800, ஒரு மைக்ரோ செகண்டு கூட இல்ல, கொறைய இல்ல. ஒருத்தருக்கு வயரே கெடையாது. எனக்கும் கண்ணு இருக்கு சார். எடுப்பமா?"

அந்த ஆறு பேரின் முகத்தையும் பார்த்தேன். விதிப்படி அளந்தால் அவர்களுக்கும் 5634க்குப் பக்கத்தில்தான் வரும். கம்பி இல்லாதவனுக்கு ஒன்றுமே வராது. அளவீட்டை இட்டுக்கட்டியது முறைகேடு. தண்டனை அந்தத் தாள் மட்டுமல்ல, அந்தப் பருவம் முழுவதும். அது இருபத்திரண்டாவது விதி.

"வேணாம் சார்," என்றான் கம்பி இல்லாதவன். இன்னொருத்தி அவளைப் பார்த்து, அடங்கிய குரலில், "எல்லாரையும் போல 5800ன்னு எழுதித் தொலைச்சிருக்கலாம்ல. எங்களையும் ஏன்டி இழுத்துவிடுற?" என்றாள். முதல் நாள் சாயந்தரம் வரை இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள்.

5634 எழுதியவள் அந்தப் பெண் பக்கம் திரும்பவில்லை. என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், எனக்கு மட்டுமாவது எடுங்க சார்."

ஒருத்திக்கு ஆறு பேர் என்று நான் கணக்குப் போட்டதாக இப்போது சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அது முழு உண்மை அல்ல. ஆறு பேர் முறைகேட்டில் மாட்டினால் விசாரணை வரும். விசாரணையில் முதலில் கேட்கும் கேள்வி, இந்த எண்ணை இவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பது. கையேட்டின் முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. ஓய்வுக்கு ஐந்து வாரம்.

"லஞ்ச் டைம் ஆயிருச்சு," என்றேன்.

புறத் தேர்வாளருக்குக் கோழி பிரியாணி சொல்லியிருந்தோம். அதுவும் ஒரு விதி, எழுதப்படாதது. அவளுக்கு அளவீட்டுக்குச் சுழியம், முடிவுக்குச் சுழியம், வாய்மொழிக்கு அவர் மனம்போல. மொத்தம் முப்பத்தி நான்கு. தேற அது போதாது. மதிப்பெண் பட்டியலில் அவர் கையெழுத்திட்டார். நானும் இட்டேன். உறையை அரக்கு வைத்து ஒட்டியது உதவியாளர் அம்மா. ஒட்டும்போது என்னைப் பார்க்காமல், "எங்க வீட்டு ஆட்டுக்குச் சூடு ஏறுனாக்கூட நாங்க ஒரு தெர்மாமீட்டர் வைப்போம் சார்," என்றார்.

மே மாதக் கடைசி நாள் எனக்குச் சால்வை போட்டார்கள். நேர்மை, ஒழுங்கு, விதிகளின் மீது பற்று என்று முதல்வர் பேசினார். கைதட்டினார்கள். நான் எழுந்து நன்றி சொன்னேன். ஜூன் நடுவில் முடிவுகள் வந்தன. ஆறு பேரும் தேறினார்கள். கம்பி இல்லாதவனுக்கு அந்தத் தாளில் தொண்ணூற்றிரண்டு.

செய்முறைத் தேர்வுக்கு மறுமதிப்பீடு கிடையாது. ஆனால் தேர்வு நடத்திய முறையில் விதிமீறல் இருந்தால் புகார் செய்யலாம் என்று முப்பத்தோராம் விதி சொல்கிறது. விதியை மீறியவர்களில் ஒருவன் தானே புகார் கொடுக்கக் கூடாது என்று எங்கும் எழுதப்படவில்லை. யாருக்கும் அப்படி ஒரு ஆள் இருப்பான் என்று தோன்றியிருக்காது. எனக்கு மனு எழுதத் தெரியும். வேறு எதுவும் அவ்வளவு நன்றாகத் தெரியாது. நான்கு பக்கம் எழுதினேன். டைமர் சுற்றுவது, கழித்தல், வெப்பநிலை, ஒலியின் வேகம், கையேட்டின் அட்டவணை அளந்து போட்டதல்ல என்பது, எல்லாம் எழுதினேன். அந்த ஆறு பேரைப் பற்றி மட்டும் ஒரு சொல் எழுதவில்லை. மாணவியின் கையொப்பம் தேவைப்பட்டது.

கறம்பக்குடியில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். முந்திரி உடைக்கிற கொட்டகையில் அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். கையில் சின்னக் கட்டை. வறுத்த கொட்டையை நிறுத்தி ஒரு தட்டு. பருப்பு உடையாமல் வெளியே வரும். விரல் நுனிகள் கறுக்க ஆரம்பித்திருந்தன.

அம்மாதான் எழுந்து, "வாங்க சாரு, இங்கிட்டு நெழலுக்கு வாங்க," என்று சாக்கை உதறிப் போட்டார். ஒரு கை முந்திரிப்பருப்பை எடுத்துக் காகிதத்தில் வைத்து நீட்டினார். அவள் எழுந்திருக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டா ஜூலை ஒண்ணுக்குள்ள வருமா சார்?"

அன்று ஜூன் இருபத்தாறு. "வராது," என்றேன்.

"அப்பறம் எதுக்கு?"

"தப்பு நடந்தது பதிவாகணும்ல."

"யாரு தப்பு சார்?" கட்டையால் ஒரு தட்டு. பருப்பு முழுசாக வந்தது. "மனுவுல என் பேரு எத்தன எடத்துல இருக்கு?"

"பதினொரு இடத்துல."

"ஒங்க பேரு?"

"கடைசியில, கையொப்பத்துல."

"அன்னைக்கும் அங்கதான சார் இருந்துச்சு," என்றாள்.

அம்மா அவளை அதட்டினார். "சாரு இம்புட்டுத் தொலவு வந்துருக்காக. போடுடி." அவள் விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கையெழுத்திட்டாள். துடைத்தும் தாளின் ஓரத்தில் கறுப்பாக ஒரு ரேகை பதிந்தது. நான் கொண்டுபோன படிவத்தில் கறை கூடாது என்று ஒரு குறிப்பு உண்டு. அதைச் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு எனக்கு அன்று புத்தி இருந்தது.

ஜூலை முதல் தேதி வந்தது. போனது. தொழிற்சாலை இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டது. அந்த அடுத்தவர் அதே கல்லூரி, அதே பிரிவு. மேசையில் கம்பி கிடந்தவன்.

மனு முறைப்படி பயணம் செய்தது. கல்லூரி முதல்வர் பரிந்துரை செய்யாமல் மேலே அனுப்பினார். மண்டல அலுவலகம், கையேட்டின் அசல் பிரதியை இணைக்கவில்லை என்று திருப்பியது. இணைத்தேன். விடைத்தாளின் நகல் வேண்டும் என்றது. விடைத்தாள் அவர்களிடம்தான் இருக்கிறது என்று எழுதினேன். அவர்களிடம் இருப்பதற்கான சான்று கேட்டார்கள். அரக்கு உறையின் எண்ணை அனுப்பினேன். மாதம் ஒரு நினைவூட்டல் கடிதம் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதிவுத் தபால் ரசீதைக் கோப்பில் ஒட்டினேன்.

நவம்பரில் அவள் அரியர் தேர்வை எழுதினாள். உதவியாளர் அம்மா போன் செய்தார்.

"அந்தப் புள்ளக்கு அதே சோதனதான் சார் சீட்டுல வந்துச்சு."

"எப்படிச் செஞ்சா?"

"செய்யல சார். சென்சாரத் தொடவே இல்ல. ஒக்காந்தா, நேரா 5800ன்னு எழுதுனா, எந்திரிச்சுட்டா. நான் கிட்டப்போய், 'ஏத்தா, கம்பியாச்சும் மாட்டு'ன்னேன். 'மாட்டுனா வேற எதுவாச்சும் வந்துரும்க்கா'ன்னுச்சு."

"மார்க்?"

"தொண்ணூத்தெட்டு. வந்தவரு, 'இந்த காலேஜுல இவ்வளவு சுத்தமா செய்யுற புள்ளய இப்பத்தான் பாக்குறேன்'னுட்டுப் போனாரு."

அதற்குப் பிறகும் நான் நினைவூட்டல் போடுவதை நிறுத்தவில்லை. அவளுக்காக என்று சொல்ல முடியாது. அவளுக்கு இனி அதனால் ஆவது ஒன்றுமில்லை. கொட்டகையில் அவள் அக்காவைவிட வேகமாக உடைக்கிறாள் என்று கேள்வி. கோப்பு திறந்திருந்தால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

பதில் ஒரு பக்கம். மனுவை ஆராய மூன்று பேராசிரியர்கள் கொண்ட நிபுணர் குழு அமைக்கப்பட்டது. குழு, முழுமையான குளிர்சாதன வசதி கொண்ட தலைமை ஆய்வகத்தில், அதே வகை சென்சாரை, பலகையிலிருந்து சரியாக நூறு சென்டிமீட்டரில் வைத்து, எக்கோ துடிப்பை இன்புட் கேப்சர் முறையில் முப்பது முறை அளந்தது. சராசரி 5785 மைக்ரோ வினாடி. இது கையேட்டிலுள்ள 5800க்கு மிக அருகிலும், மாணவி எழுதிய 5634லிருந்து ஏற்க முடியாத அளவு விலகியும் உள்ளது. எனவே மாணவி விடைக்கேற்பக் கணக்கிட்டார் என்ற புறத் தேர்வாளரின் முடிவு உறுதி செய்யப்படுகிறது. அறை வெப்பநிலை குறித்து மனுதாரர் எழுப்பிய கருத்து, அதைப் பதிவதற்கான பத்தி படிவத்தில் இல்லாததால், பரிசீலிக்கப்படவில்லை. மாணவி தற்போது அதே சோதனையில் 5800 என்ற சரியான அளவீட்டைப் பெற்றுச் சிறப்பாகத் தேறியிருப்பதைக் குழு மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது. பொருள் முடிக்கப்பட்டது. நகல்: மாணவிக்கு.

கடிதத்தில் பத்து நாளுக்கு முந்தைய தேதி இருந்தது. தபால்காரர் அதை என் கையில் கொடுத்தது ஜனவரி இருபத்திரண்டு, வியாழக்கிழமை.